பிளாக் சுவரும் மூன்று மில்லிமீட்டர் பசையும்

"பிளாக் வந்தாச்சு, சிமென்ட் இருக்கு, எம்-சாண்ட் இருக்கு. எதுக்கு சார் தனியா பசை மூட்டை?"

ஏஏசி பிளாக்கில் சுவர் எழுப்பும் வீடுகளில் கொத்தனார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. பல வருடங்களாக ஒன்றுக்கு ஆறு சிமென்ட் கலவையில் சுவர் கட்டிக் கை பழகியவருக்கு, நாற்பது கிலோ மூட்டையில் வரும் சாம்பல் நிறப் பொடி வியாபாரத் தந்திரமாகத்தான் தெரியும். வீட்டுக்காரருக்கோ கடைக்காரர் சொன்னது மட்டும் நினைவிருக்கும்: "பசையில கட்டுங்க, தண்ணி ஊத்த வேண்டாம், வேகமா முடியும்." இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி சுவரின் ஜாயிண்டில் இருக்கிறது. அதன் தடிமன் 12 மில்லிமீட்டரா 3 மில்லிமீட்டரா என்பதைப் பொறுத்துத்தான் பசைக்குக் கொடுத்த காசு வேலை செய்ததா, வீணானதா என்று சொல்ல முடியும்.

முதலில் பிளாக்கைப் பற்றிக் கொஞ்சம். நிலக்கரிச் சாம்பல், சுண்ணாம்பு, சிமென்ட், ஜிப்சம் ஆகியவற்றைத் தண்ணீரில் கூழாகக் கலக்கி, அதில் மிகச் சிறிய அளவு அலுமினியப் பொடி சேர்ப்பார்கள். அலுமினியம் சுண்ணாம்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிட, கூழ் பொங்கி எழும். பாதி இறுகிய நிலையில் அந்தப் பெரிய கட்டியை இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகளால் அறுத்து, மூடிய கலனுக்குள் 180 டிகிரிக்கு மேலான நீராவியில் பல மணி நேரம் அழுத்தத்தோடு வேகவைப்பார்கள். சுவீடனைச் சேர்ந்த யோஹான் ஆக்ஸல் எரிக்சன் என்ற கட்டடக் கலைஞர் 1924-இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு அடி நீளம், எட்டு அங்குல உயரம், எட்டு அங்குல அகலம் கொண்ட பிளாக் நன்றாகக் காய்ந்திருந்தால் 14, 15 கிலோதான் இருக்கும். அதே கன அளவில் செங்கல் என்றால் 40 கிலோவைத் தாண்டும்.

எடை குறையக் காரணமான நுண்துளைகள்தான் சாந்துக்குத் தொல்லை கொடுப்பவையும். காய்ந்த பிளாக்கின் மேல் ஒரு கரண்டி சிமென்ட் கலவையை வைத்து, சில நிமிடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் வறண்டு, பொரபொரவென்று அடையாகப் பெயர்ந்து வரும். கலவையில் இருந்த தண்ணீரைப் பிளாக் உறிஞ்சிவிட்டது. சிமென்ட் காய்வதால் கெட்டிப்படுவதில்லை. தண்ணீரோடு நாள்கணக்கில் வினைபுரிந்துதான் கெட்டிப்படுகிறது. அந்தத் தண்ணீர் முதல் சில நிமிடங்களிலேயே போய்விட்டால், ஜாயிண்டில் மிஞ்சுவது லேசாக ஒட்டிய மணல். சுவர் நிற்கும், ஆனால் ஒரு வரிசையைத் தட்டினால் பிளாக் சுத்தமாகக் கழன்று வரும், அதன் அடியில் சாந்து ஒட்டியிருந்த தடமே தெரியாது.

இதற்குக் களத்தில் இரண்டு கைவைத்தியங்கள் உண்டு. இரண்டுமே கெடுதல். ஒன்று, செங்கல்லைப் போலப் பிளாக்கையும் தொட்டியில் ஊறப்போடுவது. ஊறிய பிளாக் சுவரில் ஏறிய பிறகு மாதக்கணக்கில் காயும், காயும்போது சுருங்கும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2185, மூன்றாம் பகுதி, முதல் தரப் பிளாக்குக்கு 0.05 சதவீதம் வரை உலர்சுருக்கம் அனுமதிக்கிறது. பத்தடிச் சுவருக்கு அது ஒன்றரை மில்லிமீட்டர். கேட்கச் சிறியதுதான், ஆனால் பூச்சில் விரல் நகம் நுழையும் விரிசலுக்கு அது போதும். இரண்டாவது வைத்தியம், சிமென்டைக் கூட்டி ஒன்றுக்கு மூன்று என்று கலப்பது. பிளாக்கின் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 3 முதல் 4 நியூட்டன்தான். அதைவிடப் பல மடங்கு இறுகிய சாந்தைப் பிளாக்குகளுக்கு நடுவே வைத்தால், சுவர் அசையும்போது சாந்து விட்டுக்கொடுக்காது, பிளாக்தான் வெடிக்கும்.

ஒன்றுக்கு ஆறு கலவையில், பிளாக்கின் மேற்பரப்பை மட்டும் ஈரத்துணியாலோ தூரிகையாலோ நனைத்து, 10 முதல் 12 மில்லிமீட்டர் ஜாயிண்ட் விட்டு, ஏழு நாள் நிதானமாக ஈரம் காட்டிக் கட்டிய சுவர்கள் நன்றாகவே நிற்கின்றன. அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. சிமென்ட் கலவை தப்பான பொருள் அல்ல. ஏஏசி பிளாக்கில் அதை உருப்படியாக வைப்பதற்குத் தேவைப்படும் பொறுமை நம் களங்களில் அரிது, அவ்வளவுதான்.

பசை மூட்டையில் இருப்பதும் அடிப்படையில் சிமென்டும் மணலும்தான். அதோடு இரண்டு சேர்மானங்கள். ஒன்று, செல்லுலோஸிலிருந்து தயாரிக்கும் ஒரு பொடி. தண்ணீரில் கரைந்ததும் கலவைக்குக் கொழகொழப்பு தந்து, பிளாக் உறிஞ்ச முயன்றாலும் தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும். இது இருப்பதால்தான் மேலே தண்ணீர் ஊற்றி ஆற்ற வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. ஆறுவதற்கு வேண்டிய தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. மற்றொன்று பாலிமர் பொடி. பிளாக்கின் பரப்பை இறுகப் பற்றுவதும், ஜாயிண்டுக்குத் துளி நெகிழ்வு தருவதும் அதன் வேலை.

மூன்றாவதாக ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை: மணலின் பொடித்தன்மை. கட்டுவேலை மணலில் 4.75 மில்லிமீட்டர் வரையான துகள்கள் இருக்கலாம். நான்கு மில்லிமீட்டர் துகள் ஒன்று நடுவில் கிடந்தால் மூன்று மில்லிமீட்டர் ஜாயிண்ட் எப்படி வரும்? அதனால்தான் வழக்கமான கலவையை என்னதான் இழைத்து வைத்தாலும் மெல்லிய ஜாயிண்ட் சாத்தியமில்லை. பசைக்கான மணல் சலித்து, மாவு போல் பொடிந்து வருகிறது. ஐரோப்பியத் தரநிலைகள் மெல்லிய ஜாயிண்ட் என்று சொல்வது அரை மில்லிமீட்டரிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரைதான். நம் ஊர் மூட்டைகளில் இரண்டு முதல் மூன்று என்று போட்டிருப்பார்கள்.

ஒரு சுவரை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே பத்தடிக்குப் பத்தடி, எட்டு அங்குலச் சுவர். கதவு, ஜன்னல் இல்லை. 12 மில்லிமீட்டர் சிமென்ட் ஜாயிண்டில் கட்டினால், சுவர்ப் பரப்பில் ஏழரை சதவீதம் சாந்தாகவே இருக்கும். கலவை சுமார் 140 லிட்டர். அதற்கு முக்கால் மூட்டை சிமென்ட், ஐந்தரை கன அடி மணல். மூன்று மில்லிமீட்டர் பசையில் கட்டினால் சாந்தின் பங்கு இரண்டு சதவீதமாகக் குறையும். நனைந்த பசை 37 லிட்டர். மூட்டைக் கணக்கில் 55 கிலோ, அதாவது ஒன்றரை மூட்டைக்குச் சற்றுக் குறைவு. ஜாயிண்ட் குறைவதால் பிளாக்கின் எண்ணிக்கை நான்கு கூடும், 72-க்குப் பதில் 76. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

உங்கள் ஊர் விலையை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். சாந்துப் பொருளை மட்டும் பார்த்தால் பசைதான் கூடுதல் செலவு. மிச்சம் வேறு இடத்தில் வருகிறது. ஜாயிண்ட் மெல்லியதாக, சுவர் முகம் நேராக இருந்தால் உட்புறம் 15 மில்லிமீட்டர் பூச வேண்டிய இடத்தில் எட்டு போதும். இந்த ஒரு சுவரின் இரண்டு பக்கத்திலும் சேர்த்து அப்படி மிச்சமாகும் பூச்சுக் கலவை 130 லிட்டர். ஜாயிண்டுக்கு ஆகியிருக்கும் மொத்தச் சிமென்ட் கலவைக்கு அது கிட்டத்தட்டச் சமம். ஆகவே பசையின் லாபம் முழுக்கப் பூச்சில்தான் இருக்கிறது. சுவர் கோணலாக எழும்பினால் அந்த லாபம் போய்விடும். பசைக்குக் கொடுத்த கூடுதல் காசும் போய்விடும். வெக்கை விஷயத்திலும் கொஞ்சம் லாபம் உண்டு. சிமென்ட் சாந்து ஏஏசியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும். வெளிச்சுவரில் ஏழரை சதவீதம் சாந்து என்றால், வெயில் உள்ளே வர அவ்வளவு பாதை என்று பொருள்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். அதே ஐ.எஸ். 2185, பிளாக்கின் உயரத்திலும் அகலத்திலும் மூன்று மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்கிறது. 12 மில்லிமீட்டர் ஜாயிண்டில் அந்த மூன்றை ஒளித்துவிடலாம். ஒரு பக்கம் பத்து, மறுபக்கம் பதினான்கு என்று கொத்தனாரின் கை தானாகவே சரிசெய்துவிடும். மூன்று மில்லிமீட்டர் ஜாயிண்டில் மூன்றை எங்கே ஒளிப்பது? ஒரு பிளாக் 197, அடுத்தது 203 என்றால் வரிசையின் மேல்முகம் படிக்கட்டாகிவிடும். பள்ளத்தை நிரப்பக் கொத்தனார் பசையை எட்டு, பத்து மில்லிமீட்டர் அப்புவார். பசை அதற்காகச் செய்யப்பட்டதல்ல. தடிமனாக வைத்தால் சுருங்கும், பிளாக் அழுந்தி இறங்கும், ஒன்றரை மூட்டையில் முடிய வேண்டிய சுவர் நான்கு மூட்டை கேட்கும். "பசை மூட்டை பறக்குது சார்" என்று புகார் வரும் களங்களில், குற்றம் பெரும்பாலும் பிளாக்கின் அளவில் இருக்கும்.

லாரி வந்து நின்றதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. லோடின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்தாறு பிளாக்குகளை எடுத்துச் சமதளத்தில் பக்கம் பக்கமாக வைத்து, மேலே மட்டப்பலகையை வைத்துப் பாருங்கள். பலகைக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை, தேய்த்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் அந்த லோடு பசைக்கு ஆகாது. அறுக்கும் கம்பி தேய்ந்தோ தளர்ந்தோ போன ஆலையின் சரக்கு அது. திருப்பி அனுப்ப முடியாவிட்டால் சிமென்ட் கலவையில் கட்டிவிடுவது மேல்.

கருவிகள் என்றதும் பெரிய செலவு என்று பயப்பட வேண்டாம். எல்லாம் ஒரு சாக்குப் பைக்குள் அடங்கும். ஆனால் அவை இல்லாமல் பசை மட்டும் வந்தால், கொத்தனார் பழைய கரண்டியால் பசையை நடுவில் ஒரு குவியலாக வைத்து, மேலே பிளாக்கை அமுக்குவார். குவியல் நடுவில் மட்டும் பரவி, ஓரங்கள் வெற்றிடமாக நிற்கும். மழைத் தண்ணீர் உள்ளே வர அந்த ஓரங்கள் போதும்.

அங்கே வேண்டியது பல் கரண்டி. பிளாக்கின் அகலத்துக்குச் சரியாக, எட்டு அங்குலத்துக்கு எட்டு, நாலு அங்குலத்துக்கு நாலு என்று கிடைக்கும் சிறு தொட்டி போன்ற கரண்டி அது. வாயில் சீப்புப் போலப் பற்கள் இருக்கும். பசையை அள்ளி, பிளாக் வரிசையின் மேல் வைத்து நெடுக இழுத்தால், பற்களுக்கு நடுவே பசை வரிவரியாக நின்றுவிடும். பல்லும் இடைவெளியும் ஆறு மில்லிமீட்டருக்கு ஆறு என்று இருந்தால் பரப்பில் பாதி வரி, பாதி பள்ளம். பிளாக்கை மேலே வைத்து அமுக்கும்போது வரிகள் சரிந்து பள்ளங்கள் நிரம்பி, சராசரி மூன்று மில்லிமீட்டராகிவிடும். கொத்தனார் கையால் அளவு போட வேண்டியதே இல்லை, கரண்டியே போட்டுவிடுகிறது. மூன்று மில்லிமீட்டர் என்பது கைப்பழக்கத்தில் வருவதல்ல, பல்லின் உயரத்தில் வருவது. அதனால் பற்கள் தேய்ந்த கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தேய்மானத்துக்கு ஏற்ப ஜாயிண்ட் மெலிந்து, ஒட்டு குறையும்.

அடுத்தது தேய்ப்புப் பலகை. மணியாசிக் கட்டை போலப் பிடியோடு, அடியில் முரட்டு உப்புத்தாளோ ஆணிப் பற்களோ கொண்டது. ஒவ்வொரு வரிசையும் முடிந்து பசை இறுகிய பிறகு, மேடாக நிற்கும் பிளாக் முனைகளை இதனால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். ஏஏசி மென்மையானது, நாலைந்து இழுப்பில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்துவிடும். தேய்த்த கையோடு தூசியைத் தூரிகையால் துடைத்தாக வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பசை பிளாக்கில் ஒட்டாமல் போவதற்குத் தூசியைவிடப் பெரிய காரணம் கிடையாது. பசை தூசியோடு ஒட்டும். தூசி எதோடும் ஒட்டாது.

மற்றவை கொத்தனார் அறிந்தவைதான்: ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், மூலைமட்டம். தட்டுவதற்குக் கரண்டிப் பிடி வேண்டாம், ரப்பர் சுத்தி வேண்டும். இரும்பால் தட்டினால் பிளாக்கின் முனை நொறுங்கும். வெட்டுவதற்கு அரிவாளும் வேண்டாம். அகன்ற பல் வைத்த கைரம்பத்தால் மரப்பலகையை அறுப்பது போல நேராக அறுக்கலாம். கலக்க, துடுப்பு மாட்டிய டிரில்லும் ஒரு வாளியும்.

கலப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. வாளியில் தண்ணீர் முதலில், பொடி பிறகு. மாற்றிச் செய்தால் அடியில் உலர்ந்த பொடி கட்டியாகத் தங்கிவிடும். நாற்பது கிலோ மூட்டைக்குப் பெரும்பாலும் 10 முதல் 12 லிட்டர் தண்ணீர். சரியான அளவு மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. மூன்று நான்கு நிமிடம் டிரில்லை ஓட்டி, ஐந்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி ஒரு நிமிடம் கலக்க வேண்டும். நடுவே விடும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் செல்லுலோஸ் பொடி முழுவதும் கரையும். பதம் இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, பல் கரண்டி விட்ட வரி சரியாமல் நிற்கும்படி இருக்க வேண்டும். கலந்த பசை ஒன்றரை, இரண்டு மணி நேரம் தாங்கும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கலக்குவதும், கட்டுப்படியாகட்டும் என்று கூட ஒரு சட்டி சிமென்டோ எம்-சாண்டோ சேர்ப்பதும் பசையைக் கொல்லும் வழிகள். டைல்ஸ் ஒட்டும் பசையை இதற்குப் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், அது வேறு வேலைக்கான கலவை.

இவ்வளவும் சரியாக இருந்தும் சுவர் கோணலாவது முதல் வரிசையில். தளத்துக் கான்கிரீட் ஒருபோதும் சமமாக இருக்காது. பத்தடியில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் சாதாரணம். அதைப் பசை வாங்கிக்கொள்ளாது. அதனால் முதல் வரிசை மட்டும் வழக்கமான சிமென்ட் கலவையில், 20 மில்லிமீட்டர் படுக்கை போட்டு உட்கார வேண்டும். இங்கே கொத்தனாரின் பழைய திறமை முழுவதும் தேவை. ஒவ்வொரு பிளாக்கையும் நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் வைத்துத் தட்டி உட்கார வைத்து, அன்றைக்கு அப்படியே விட்டு, மறுநாள்தான் பசையைத் திறக்க வேண்டும். முதல் வரிசையில் இரண்டு மில்லிமீட்டர் தவறு நேர்ந்தால் பதினைந்து வரிசையும் அந்தத் தவறைச் சுமந்துகொண்டே மேலே போகும். சிமென்ட் ஜாயிண்டில் வரிசைக்கு வரிசை திருத்தலாம். பசையில் திருத்த இடமில்லை. பசைச் சுவரில் முதல் நாள் கூலி வீண் போல் தோன்றும், ஏனென்றால் ஒரே ஒரு வரிசைதான் எழும்பியிருக்கும். மேஸ்திரியை அவசரப்படுத்தாதீர்கள்.

நமது பத்தடிச் சுவரில் இருபது மில்லிமீட்டர் படுக்கை, பதினைந்து பிளாக், நடுவே பதினான்கு பசை ஜாயிண்ட். கூட்டினால் 3,062 மில்லிமீட்டர். பத்தடி என்பது 3,048. மேலே பீமுக்கு அடியில் 15 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், பீம் லேசாகத் தொங்கினாலும் சுவரை அமுக்காதிருக்க. ஆகவே கடைசி வரிசைப் பிளாக்கை மூன்று சென்டிமீட்டர் அறுத்தால் சுவர் சரியாக உட்காரும். இந்தக் கணக்கைக் கட்டத் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். போடாத களங்களில் கடைசியில் நாலு அங்குலச் சந்தில் செங்கல் துண்டும் சாந்தும் திணிப்பார்கள். வருடம் திரும்புவதற்குள் பீமுக்கு அடியில் நேர்க்கோடாக ஒரு விரிசல் ஓடும்.

இரண்டாம் வரிசையிலிருந்து வேலை வேகம் பிடிக்கும். ஒரு நேரத்தில் மூன்று நான்கு பிளாக் நீளத்துக்கு மட்டும் பசையை இழுக்க வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டு முகத்திலும் அதே கரண்டியால் பசை தடவ வேண்டும். நெட்டு ஜாயிண்டை வெறுமனே விட்டுவிட்டுப் பூச்சில் மறைப்பது எங்கும் நடக்கிற திருட்டுத்தனம். விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நின்று பார்த்தால் அது தெரிந்துவிடும். பிளாக்கை வைத்து, ரப்பர் சுத்தியால் இரண்டு மூன்று தட்டு. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அதை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் பிடிப்பு அறுந்துவிடும், பசையைச் சுரண்டி மறுபடிதான் வைக்க வேண்டும். பிதுங்கி வரும் பசையை ஈரமாக இருக்கும்போது இழுத்துப் பூசாமல், சற்று இறுகியதும் கரண்டி முனையால் வழித்துவிட வேண்டும்.

நன்றாக நடக்கிறதா என்று வீட்டுக்காரர் எப்படித் தெரிந்துகொள்வது? கொத்தனார் ஒரு பிளாக்கை வைத்துத் தட்டியதும், "மேஸ்திரி, அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க" என்று கேளுங்கள். முகம் சுளிப்பார், பரவாயில்லை. தூக்கிய பிளாக்கின் அடியில் ஏறக்குறைய முழுப் பரப்பிலும் பசை அப்பியிருக்க வேண்டும், வரிகள் நசுங்கியிருக்க வேண்டும். வரிகள் அப்படியே நின்று, பிளாக்கின் அடி வெறுமையாக இருந்தால், பசையை இழுத்துவிட்டு வெகுநேரம் காயவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நம் சித்திரை வெயிலில் பசையின் மேல் பத்து நிமிடத்தில் மெல்லிய தோல் படிந்துவிடும். விரலால் தொட்டால் ஒட்டாது. அதன் மேல் பிளாக்கை வைப்பது காகிதம் விரித்து வைப்பதற்குச் சமம்தான்.

இன்னொரு சோதனை வேலை தொடங்கும் முன்பு செய்ய வேண்டியது. இரண்டு பிளாக் துண்டுகளை அந்தப் பசையால் ஒட்டி மூன்று நாள் நிழலில் விடுங்கள். பிறகு ஓரத்தில் அடித்து உடையுங்கள். உடைவு பிளாக்கின் உடம்புக்குள் ஓடினால் பசை சரி. ஜாயிண்டிலேயே சுத்தமாகப் பிரிந்து வந்தால் பசை பழையதாக இருக்க வேண்டும், அல்லது பிளாக்கில் தூசி இருந்திருக்க வேண்டும். மூட்டையின் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். உள்ளே கட்டி தட்டியிருந்தால் கணக்குப் பார்க்காமல் திருப்பிவிடுங்கள்.

விரிசலே வராது என்று யாராவது உறுதி தந்தால் நம்ப வேண்டாம். பசை ஜாயிண்டின் பலம் பிளாக்குகளை ஒரே பலகையாக்கிவிடுகிறது. சுவர் சுருங்கும்போது, பழைய சாந்துச் சுவர் ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் மயிரிழையாகப் பிரிந்து அதை வாங்கிக்கொள்ளும். பசைச் சுவர் வாங்கிக்கொள்ளாது. சேர்த்துவைத்து ஓரிடத்தில், பெரும்பாலும் ஜன்னல் மூலையிலோ தூண் ஓரத்திலோ, பிளாக்கையே பிளந்துகொண்டு காட்டும். ஆலையிலிருந்து வெதுவெதுப்பாக, ஈரம் நிறைந்து வரும் பிளாக்கை அன்றே சுவரில் ஏற்றினால் இது நிச்சயம். தார்ப்பாய் போர்த்தி, மழை படாமல், தரையிலிருந்து உயர்த்தி அடுக்கிச் சில வாரம் உலரவிட வேண்டும். நீளமான சுவர்களிலும் நாலு அங்குலத் தடுப்புகளிலும் ஜன்னல் அடிமட்டம், லிண்டல் மட்டம் என இரண்டு இடத்தில் மெல்லிய கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். பிளாக் தூணைச் சந்திக்கும் இடத்தில், பூசுவதற்கு முன் வலை அடிக்க வேண்டும். இவையெல்லாம் சிமென்ட் கலவைச் சுவருக்கும் பொதுதான். ஆனால் பசைச் சுவரில் இவற்றை விட்டால் தப்பிக்க வழியில்லை.

தண்ணீர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. பசை போட்டுக் கட்டிய சுவருக்கும் பழக்கதோஷத்தில் மாலையானால் ஹோஸ் பிடிக்கும் களங்களைப் பார்க்கலாம். பசைக்கு அது தேவையில்லை. பிளாக்குக்கோ அது கேடு, உலர்த்திய ஈரத்தைத் திரும்ப ஊற்றுகிறோம். தண்ணீர் வேண்டியது முதல் வரிசைப் படுக்கைக்கும் கான்கிரீட் பட்டைகளுக்கும் பின்னால் வரும் சிமென்ட் பூச்சுக்கும்தான்.

என் தீர்ப்பு இது. பிளாக் அளவாக வந்து, பல் கரண்டியும் தேய்ப்புப் பலகையும் களத்தில் இருந்து, முதல் வரிசைக்கு ஒரு நாள் கொடுக்க மனமிருந்தால், ஏஏசிக்குப் பசைதான் சரி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஒன்றுக்கு ஆறு கலவையில், பரப்பை மட்டும் நனைத்து, 10 மில்லிமீட்டரில் நிதானமாகக் கட்டுங்கள். நல்ல சுவர் கிடைக்கும். ஒப்பந்தக்காரரிடம் 'பசையில் கட்டித் தருகிறேன்' என்ற ஒற்றை வரியோடு கையெழுத்துப் போடாதீர்கள். ஜாயிண்ட் மூன்று மில்லிமீட்டர், பல் கரண்டி கட்டாயம், நெட்டு ஜாயிண்டிலும் பசை, முதல் வரிசை சிமென்ட் படுக்கையில் என்று நான்கையும் எழுதி வாங்குங்கள்.